கெத்து கார்த்தியை கார்த்திகேயன் ஆக்கிய கதை: பிளேஸ்மெண்ட்டுக்கு முன் லிங்க்ட்இன் பக்கத்தைச் சரிசெய்வது எப்படி

என் சித்தி மகனுக்கு லிங்க்ட்இன்னில் பெயர் ‘கெத்து கார்த்தி’. பெயருக்கு முன்னால் ஒரு கிரீடம், பின்னால் தீ எரிகிற மாதிரி ஒரு எமோஜி. கீழே பதவி, தலைமைச் செயல் அதிகாரி. படத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு யாருடையதோ ஒரு பைக்கில் சாய்ந்து நிற்கிறான். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறான். ஏழாம் செமஸ்டரில் கம்பெனிகள் வர ஆரம்பிக்கும். அதற்குள் பிளேஸ்மெண்ட் அலுவலகத்தின் படிவத்தில் ரெஸ்யூமேயும் லிங்க்ட்இன் இணைப்பும் ஏற்ற வேண்டும். சித்தி போன் செய்து, “கண்ணு, நீதான் பேங்க்ல இருக்கற, அவன் என்னமோ சரி பண்ணோணுங்கறான், கொஞ்சம் பாரு” என்றார்.

நான் ஈரோட்டில் ஒரு வங்கியில் கிளார்க். இப்போது அந்தப் பதவிக்கு கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கவுன்ட்டருக்கு வருகிறவர்களுக்கு இன்னும் கிளார்க்தான். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சம்பளக் கணக்கு திறப்பது என் வேலைகளில் ஒன்று. ஒரு பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் பான் கார்டில் வேறு மாதிரியும் இருந்தால் என்ன பாடு என்று தினமும் பார்க்கிறேன். அந்தக் கண்ணோடுதான் அவனுடைய பக்கத்தையும் பார்த்தேன். கார்த்திகேயன் என்பது மாற்றி வைத்த பெயர்; மற்றபடி நாங்கள் செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

முதலில் வெளியாள் மாதிரி பாருங்கள்

உங்கள் பக்கத்தை நீங்களே திறந்து பார்த்தால் பாதிதான் தெரியும். பிரௌசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, பெயரையும் கல்லூரிப் பெயரையும் கூகுளில் போட்டுத் தேடுங்கள். அப்புறம், லிங்க்ட்இன்னில் உங்களோடு இணைப்பில் இல்லாத ஒருவருடைய கணக்கிலிருந்து உங்கள் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்காரர் பார்ப்பது அதைத்தான். நாங்கள் என் கணக்கிலிருந்து பார்த்தோம். தெரிந்ததையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் கை வைத்தோம். பழைய பக்கத்தில் உருப்படியான ஒரு வரி இருந்து, அழித்த பிறகு நினைவுக்கு வந்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

தேடியதில் ஒன்றுக்கு இரண்டு பக்கங்கள் வந்தன. முதலாம் ஆண்டில் ஒரு பயிலரங்கில் எல்லோரையும் உட்கார வைத்துக் கணக்கு தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள், அது ஒன்று. கடவுச்சொல் மறந்துபோய் மூன்றாம் ஆண்டில் தொடங்கியது இன்னொன்று. கெத்து கார்த்தி முதல் கணக்கு. இரண்டாவதில் பெயர் ஒழுங்காக இருந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. “இதை வச்சுக்கலாங்ண்ணா, பழசை விட்டுரலாம்” என்றான். விட்டால் அது இணையத்தில் அப்படியே இருக்கும். அவன் வகுப்புத் தோழர்களும் ஆசிரியர்களும் இணைந்திருப்பது அதோடுதான், அதனால் தேடினால் அதுதான் முதலில் வந்து நின்றது.

சாவியைக் கையில் எடுங்கள்

ஆகவே முதல் வேலை பழைய கணக்குக்குள் நுழைவது. அது பிளஸ் ஒன் படிக்கும்போது தொடங்கிய ஒரு ஜிமெயிலில் இருந்தது. அந்த மின்னஞ்சலை ஏதோ விளையாட்டுக்காகப் போனில் வைத்திருந்ததால் தப்பித்தோம். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து கூகுளின் நடைமுறை. அப்படிப் போய்விட்டால் கடவுச்சொல்லை மாற்றும் கடிதம் வந்து சேர இடமே இருக்காது. உங்களுக்கும் பள்ளிக் காலத்து மின்னஞ்சல் ஒன்று இருந்தால், இதைப் படிக்கிற கையோடு அதில் ஒருமுறை நுழைந்து பாருங்கள்.

உள்ளே போனதும், பெயரும் இனிஷியலும் மட்டும் உள்ள ஒரு புது ஜிமெயில் தொடங்கினோம். லிங்க்ட்இன்னில் Settings & Privacy பகுதியில் Sign in & security என்பதற்குள் Email addresses இருக்கிறது. அங்கே புது முகவரியைச் சேர்த்து, வருகிற கடிதத்தில் உறுதிசெய்து, அதையே முதன்மை முகவரி ஆக்க வேண்டும். புது முகவரியில் ஒருமுறை வெளியேறி நுழைந்து பார்க்கும்வரை பழையதை நீக்காதீர்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலை மட்டும் நம்பி வைப்பதும் ஆபத்து; படிப்பு முடிந்தபின் பல கல்லூரிகள் அதை மூடிவிடும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் எளிதில் தவறிப்போகும். முகவரி சரியாக இருந்தாலும், கடிதம் பெறுகிறவருக்கு முதலில் தெரிவது அனுப்புநர் பெயர். பழைய ஜிமெயிலில் அது ‘கிங் கார்த்தி’ என்று இருந்தது. பழைய முகவரியையே தொடர்ந்து வைத்துக்கொள்கிறவர்கள் கணினியில் ஜிமெயில் அமைப்புகளைத் திறந்து, Accounts and Import என்பதற்குள் Send mail as வரியில் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு கணக்குகளையும் ஒன்றாக்க Account preferences பகுதியில் Merge accounts இருக்கிறது. எதை வைத்துக்கொள்ளப் போகிறோமோ அதில் நுழைந்து, மற்றதன் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இணைப்பில் உள்ள ஆட்கள் மட்டும்தான் இந்தப் பக்கம் வருவார்கள். படிப்பு, திறமை, பரிந்துரை எதுவும் வராது. அந்தக் கணக்கு மூடப்பட்டுவிடும். எங்கள் விஷயத்தில் இரண்டாவது காலி என்பதால் பழையதை வைத்துக்கொண்டு காலியை அதில் சேர்த்தோம்.

பெயர்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பாருங்கள்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் சிக்கலான இடம். கார்த்திகேயனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘Karthikeyan S’. ஆதாரில் எஸ் முன்னால். பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து ‘Karthikeyan Subramani’. இதில் யாருடைய தவறும் இல்லை. பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டத்தில் வெறும் இனிஷியலை ஏற்பதில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும்.

லிங்க்ட்இன் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். அவன் ‘சுப்பிரமணி’ என்று போட நினைத்தான், அதுதான் பெரிய ஆள் மாதிரி இருக்கிறதாம். நான் வேண்டாம் என்றேன். கல்லூரிப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், பிளேஸ்மெண்ட் படிவம் எல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் பின்பற்றுகின்றன. கம்பெனிக்காரர் கையில் இருக்கிற பட்டியலில் என்ன பெயரோ அதுவே பக்கத்திலும் இருந்தால் தேடினால் கிடைப்பான். முதல் கட்டத்தில் Karthikeyan, இரண்டாவதில் S. புள்ளி இல்லை, கிரீடம் இல்லை. பெயர்க் கட்டத்தில் எமோஜியும் பட்டப்பெயரும் போடுவது லிங்க்ட்இன் விதிப்படியே கூடாது. ஆதார், பான் வேறுபாட்டை வேலையில் சேருவதற்கு முன் தனியாகத் திருத்திக்கொள்ளலாம். சம்பளக் கணக்கு திறக்க வரும்போது என்னைப் போல் ஒருவர் திருப்பி அனுப்பாமல் இருக்க அது உதவும்.

பெயரை மாற்றியதும் வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடப் போனான். பக்கத்தின் முகவரியைப் பார் என்றேன். linkedin.com/in/ என்பதற்குப் பின்னால் இன்னும் கெத்து கார்த்திதான் இருந்தான். பெயரை மாற்றினால் முகவரி தானாக மாறாது. கணினியில் உங்கள் பக்கத்தின் வலது ஓரத்தில் Public profile & URL என்று இருக்கும்; அதற்குள் போய் Edit your custom URL என்ற இடத்தில் மாற்ற வேண்டும். வெறும் பெயர் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கும், துறையின் பெயரைச் சேர்த்தால் கிடைத்துவிடும். மாற்றிய பின் பழைய இணைப்பு வேலை செய்யும் என்று நம்பாமல், ரெஸ்யூமே, மின்னஞ்சல் கையொப்பம், படிவம் எல்லாவற்றிலும் புதியதைப் போடுங்கள். கூகுளில் பழைய பெயர் கொஞ்ச நாள் வரும். பக்கம் மாறிய பிறகும் அது போகாவிட்டால் கூகுளின் Refresh Outdated Content கருவியில் அந்த முடிவின் முகவரியைக் கொடுக்கலாம்.

நீங்கள் போட்ட கருத்துகள்

அவன் இதுவரை எதுவும் எழுதிப் போட்டதில்லை என்று சத்தியம் செய்தான். உண்மைதான், பதிவு ஒன்றுகூட இல்லை. ஆனால் பக்கத்தில் Activity பகுதியைத் திறந்து, Show all கொடுத்து, Comments என்பதைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் பதிவுகளுக்கு அடியில் எழுதியதெல்லாம் வரிசையாக வரும். நம்மோடு இணையாதவரும் அதைப் பார்க்க முடியும். பெரும்பாலும் ‘இன்டரஸ்டட் சார்’, ‘ப்ளீஸ் கிவ் மீ ஜாப்’ வகை. மூத்த ஆட்களுக்கான பத்தாண்டு அனுபவ வேலைக்குக்கூட அதே ‘இன்டரஸ்டட்’. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நீக்கிவிடலாம்.

ஒன்று மட்டும் வேறு மாதிரி. ஒரு மனிதவளத் துறைப் பெண் தன் கம்பெனிக்கு ஆள் தேவை என்று படத்தோடு பதிவு போட்டிருக்கிறார். அடியில் இவன் ‘லுக்கிங் பியூட்டிஃபுல் மேம்’ என்று எழுதி ஒரு இதயமும் வைத்திருக்கிறான்.

“அது சும்மா போட்டதுங்ண்ணா.”

“அவங்க ஆள் எடுக்கறதுக்குப் போட்ட பதிவுடா அது. எங்க மேனேஜர் மேடம்கிட்ட கவுன்ட்டர்ல நின்னு இப்படிச் சொல்லுவியா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கருத்தின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அவனே அழுத்தி நீக்கினான். அவருக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். முன்பின் தெரியாதவருக்கு இன்னொரு செய்தி போவது அவருக்கு இன்னொரு தொல்லை. இதே மாதிரி தனிச்செய்தியாக அனுப்பியது ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தோம். கருத்தை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். லிங்க்ட்இன் தனிச்செய்தியை அனுப்பிய 60 நிமிடங்களுக்குள்தான் எதிராளியிடமிருந்து நீக்க முடியும். அதற்குப் பிறகு அது அவருடைய பெட்டியில் கிடக்கும். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை. Reactions என்ற பிரிவையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அங்கே சாதிச் சண்டைப் பதிவுக்கு ஒரு லைக் கிடக்கலாம்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு வவுச்சர்

இதற்குத்தான் நிறைய நேரம் பிடித்தது. வங்கியில் எந்தப் பதிவுக்கும் பின்னால் ஒரு வவுச்சர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைய கணக்கு முடியாது. பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் காட்டி, “இதுக்கு மேசை மேல எதை எடுத்து வைப்பே?” என்று கேட்டுக்கொண்டே போனேன். தொடங்குவதற்கு முன் ஒன்று: அனுபவம், படிப்பு முதலியவற்றைத் திருத்தும் பெட்டியில் Notify network என்று ஒரு பொத்தான் வரும். அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திருத்துகிற வரி ‘புது வேலை’ என்று ஊருக்கெல்லாம் போய், வாழ்த்துகள் குவிந்து, இன்னொரு சங்கடம்.

தலைமைச் செயல் அதிகாரி. எந்தக் கம்பெனிக்கு? பதிவு செய்யப்படாத, அவன் பெயரிலேயே உள்ள ஒரு ‘சொல்யூஷன்ஸ்’. 2022 முதல் இன்றுவரை என்று வேறு போட்டிருந்தான். இது வெறும் வேடிக்கை இல்லை. சேரும்போது வேறு தொழில் ஏதும் நடத்துகிறாயா என்று பல கம்பெனிகள் எழுதி வாங்குகின்றன. பின்னணி விசாரணை செய்கிறவர் இந்த வரியைப் பார்த்தால் விளக்கம் கேட்பார். எடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், அந்தப் பெயரில் நிஜமாகவே ஏதாவது செய்தாயா என்று கேட்கத் தோன்றியது. செய்திருக்கிறான். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு நூல் கடைக்கு விலைப்பட்டியல் காட்டும் இணையப் பக்கம் செய்து கொடுத்து, ஜிபேயில் மூவாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறான். பக்கம் இன்னும் வேலை செய்கிறது. இந்த ஒன்றுக்குத்தான் உண்மையில் வவுச்சர் இருந்தது, அதை எங்குமே எழுதவில்லை! அந்த வரியை நீக்கி, Web Developer என்று பதவி, Freelance என்று வேலை வகை, செய்த மாதம், பக்கத்தின் இணைப்பு ஆகியவற்றைப் போட்டோம்.

எத்திக்கல் ஹேக்கர். ஒரு மாலைநேர இணையவழி வகுப்பின் சான்றிதழ். போனது. படிப்பு என்ற இடத்தில் ஐஐடி. அங்கே கல்லூரி விழாவில் ஒருநாள் பயிலரங்கு. சான்றிதழ் உண்மை, இடம்தான் தப்பு; அதை Licenses & certifications பகுதிக்குக் கொண்டுபோய், ஒருநாள் பயிலரங்கு என்று தெளிவாக எழுதினோம்.

சிஜிபிஏ 7.8 என்று இருந்தது. மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னால் 7.42. நன்றாக வந்த ஒரு செமஸ்டரின் மதிப்பெண்ணைப் போட்டிருக்கிறான். “எல்லாரும் ரவுண்ட் பண்றாங்கண்ணா” என்றான். பிளேஸ்மெண்ட் அலுவலகம் அனுப்பும் பட்டியலில் 7.42 இருக்கும், நேர்முகம் எடுப்பவர் அதை ஒரு பக்கமும் உன் பக்கத்தை மறுபக்கமும் வைத்திருப்பார் என்றதும் திருத்தினான். மூன்றாம் செமஸ்டர் கணக்கில் ஒரு அரியர் வைத்து முடித்திருக்கிறான். அதையும் எழுத வேண்டுமா என்று பயந்தான். லிங்க்ட்இன்னில் வேண்டியதில்லை. ஆனால் படிவம் பழைய அரியர் உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் எழுத வேண்டும். சொல்லாமல் விடுவதற்கும் மாற்றிச் சொல்வதற்கும் உள்ள தூரம் அதுதான்.

புராஜெக்ட் என்ற இடத்தில் ‘செயற்கை நுண்ணறிவால் இயங்கும் புரட்சிகர கேன்டீன் மேலாண்மை’ என்று இருந்தது. இதில் நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். நாலு பேர் செய்தது, டோக்கன் எண்ணும் பில்லும் இவனுடைய பகுதி. நுண்ணறிவு எதுவும் இல்லை. எங்கே அடி வாங்கினீர்கள் என்று கேட்டதும்தான் வாய் திறந்தது. இரண்டு கவுன்ட்டரில் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் இரண்டு பேருக்கும் ஒரே டோக்கன் எண் வந்திருக்கிறது. கடைசி எண்ணைப் படித்து அதோடு ஒன்றைக் கூட்டும்படி எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே கடைசி எண்ணைப் படித்துவிட்டார்கள். பிறகு எண் கொடுக்கும் வேலையை டேட்டாபேஸிடமே விட்டதும் சரியாகிவிட்டது. எனக்கு நிரல் தெரியாது, ஆனாலும் அந்தக் கதை புரிந்தது. புரட்சியை எடுத்துவிட்டு, நால்வர் குழு, என் பகுதி இது, இந்தக் கோளாறு வந்தது, இப்படிச் சரிசெய்தோம் என்று மூன்று வாக்கியம் எழுதினான். பின்னால் வந்த இரண்டாவது கம்பெனியின் நேர்முகத்தில் பாதி நேரம் இதைப் பற்றியே கேட்டார்களாம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் தலைப்பு வரியை எழுதினோம். 220 எழுத்துகள்வரை இடமுண்டு, நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

```
Final-year B.E. CSE student | Python, Flask, SQL | Built a canteen token system
```

படத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் ஜன்னலைப் பார்த்து நின்று, வெறும் சுவர் பின்னணியில், தங்கச்சி போனில் எடுத்தாள். சட்டையை மட்டும் தேய்த்துப் போட்டுக்கொண்டான்.

கிட்ஹப்பும் போன் நம்பரும்

கிட்ஹப்பிலும் அதே கெத்து. பயனர் பெயரை மாற்றினால் நிரல் இணைப்புகள் புதிய இடத்துக்குத் தானே போய்ச் சேரும். ஆனால் பழைய பயனர் பக்கத்தின் முகவரி செத்துவிடும். ஆகவே ரெஸ்யூமேயில் அதையும் மாற்ற வேண்டும். இனிமேல் ஏற்றும் நிரலில் சரியான பெயர் வர, கணினியில் ஒருமுறை இதைக் கொடுக்கச் சொன்னது அவன் நண்பன்:

```
git config --global user.name "Karthikeyan S"
```

முன்பே ஏற்றியவற்றில் பழைய பெயர் அப்படியேதான் இருக்கும். அதை மாற்றப் போய் நால்வரும் பகிரும் வரலாற்றைக் கலைக்க வேண்டாம். அடுத்தவர் நிரலை நகலெடுத்து வைத்தவற்றின் மேல் forked from என்று கிட்ஹப்பே எழுதிக் காட்டும். அவற்றைத் தன் புராஜெக்ட் என்று ரெஸ்யூமேயில் சொல்லியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் போன் நம்பர். வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்யும்போது ட்ரூகாலரில் வரும் பெயர்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிய அனுபவம் எனக்கு உண்டு. அவன் நம்பரைத் தேடினேன். தோழர்கள் எப்படியெப்படியோ சேமித்து வைத்ததில் ‘கார்த்தி கடன்காரன்’ என்று வந்தது. அழைக்கிற மனிதவளத் துறைக்காரருக்கும் அதுதான் தெரியும். ட்ரூகாலர் செயலியில் அதே நம்பரைப் பதிவு செய்து சரியான பெயரைக் கொடுக்கலாம். செயலியே வேண்டாம் என்கிறவர்கள் அவர்கள் தளத்தில் Unlist பகுதியில் நம்பரை நீக்கக் கேட்கலாம். முன்பே கணக்கு இருந்தால் அதை முதலில் மூட வேண்டும். வாட்ஸ்அப் படத்தையும் அதன் கீழே இருந்த காதல் தோல்வி வரியையும் அன்றே மாற்றிவிட்டான்.

படிவத்தை ஏற்றுவதற்கு முன் லிங்க்ட்இன் பக்கத்தை Save to PDF கொடுத்து இறக்கி, ரெஸ்யூமே, மதிப்பெண் பட்டியல் இரண்டையும் பக்கத்தில் வைத்து பெயர், மதிப்பெண், ஆண்டு மூன்றையும் டிக் அடித்துக்கொண்டே வந்தோம். ரெஸ்யூமேயில் மட்டும் பழைய இணைப்பு மிச்சமிருந்தது. படிவம் போனபிறகு பெயரையும் முகவரியையும் சீசன் முடியும்வரை தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பட்டியல் கம்பெனிகளுக்கு மொத்தமாகப் போய்விடும், நடுவில் திருத்தக் கேட்டால் பிளேஸ்மெண்ட் அலுவலகத்தில் திட்டு வாங்க வேண்டியதுதான்.